16.7ஆ, 20ஆ? ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாத எண்

கேள்வி: என் முதலீட்டுச் செயலியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். நான்கு பங்குகள். யூனிட், இன்றைய மதிப்பு, லாப நட்டம் எல்லாம் ரிங்கிட்டில் இருக்கிறது, விழுக்காடு மட்டும் இல்லை. வங்கிப் பங்கு 1,000 யூனிட், மதிப்பு 9,600, லாபம் 1,600. கையுறைப் பங்கு 4,000 யூனிட், மதிப்பு 3,600, நட்டம் 2,400 (2020இல் 3.60க்கு 1,000, பிறகு 0.80க்கு 3,000 வாங்கினேன்). வாடகைக் கட்டடங்களில் முதலீடு செய்யும் ரீட் 2,000 யூனிட், மதிப்பு 2,900, நட்டம் 100. வாங்கியதிலிருந்து 180 ரிங்கிட் டிவிடன் வந்தது. டெக்னாலஜி பங்கு 1,000 யூனிட், மதிப்பு 2,000, நட்டம் 1,000, அதுவும் ஒரே நாளில். நான் கணக்குப் போட்டதில் வங்கி 16.7 விழுக்காடு லாபம், கையுறை 66.7 விழுக்காடு நட்டம். என் மகள் 20, 40 என்கிறாள். யார் கணக்கு சரி? நான்கையும் சேர்த்தால் எவ்வளவு?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஐயா, மகள் கணக்கே சரி. ஆனால் உங்கள் எண்களை அழித்துவிடாதீர்கள். அவை வேறொரு கேள்விக்குச் சரியான விடை. அதைப் பிறகு சொல்கிறேன்.

லாபமோ நட்டமோ, விழுக்காடு என்றால் போட்ட பணத்தில் எவ்வளவு பகுதி கூடியது, எவ்வளவு பகுதி குறைந்தது என்பதுதான். ஆகவே கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டியது போட்ட பணம், அதாவது அடக்கம். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் இல்லாத எண்ணும் அதுவேதான். இன்றைய மதிப்பு கண்ணெதிரே இருந்ததால் அதைக் கீழே வைத்து வகுத்துவிட்டீர்கள். என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலரும் இதையேதான் செய்கிறார்கள், கணக்குப் படித்தவர்கள் உட்பட.

இல்லாத எண்ணைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. இன்றைய மதிப்பிலிருந்து லாபத்தைக் கழித்தால் போட்ட பணம் வந்துவிடும். வங்கிப் பங்குக்கு 9,600இல் 1,600 போனால் 8,000. நீங்கள் போட்டது 8,000, கிடைத்த லாபம் 1,600, ஆகவே 20 விழுக்காடு. நட்டம் என்றால் கழிப்பது கூட்டலாக மாறும். கையுறைக்கு 3,600உடன் 2,400 சேர்த்தால் 6,000. அந்த 6,000இல் 2,400 போயிருக்கிறது, அதாவது 40 விழுக்காடு நட்டம்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருகிறேன். கையுறைப் பங்குக்கு நீங்கள் கண்ட 66.7 எதைச் சொல்கிறது தெரியுமா? இன்றைய விலையிலிருந்து அந்தப் பங்கு எத்தனை விழுக்காடு ஏறினால் உங்கள் முதல் திரும்பி வரும் என்பதை. இன்றைய விலை யூனிட்டுக்கு 90 சென், உங்கள் சராசரி அடக்கம் 1.50. தொண்ணூறு சென் ஒன்றரை ரிங்கிட் ஆக 60 சென் ஏற வேண்டும். தொண்ணூறில் அறுபது என்றால் மூன்றில் இரண்டு பங்கு, 66.7 விழுக்காடு. நாற்பது விழுக்காடு இறங்கிய பங்கு நாற்பது விழுக்காடு ஏறினால் போதும், கணக்கு நேராகிவிடும் என்று நினைத்துக் காத்திருக்கிறவர்கள் நிறைய. அப்படி ஏறினால் விலை 1.26க்குத்தான் வரும். முதல் வராது.

வங்கிப் பங்கின் 16.7உம் அப்படித்தான். விலை இன்றிலிருந்து எத்தனை விழுக்காடு இறங்கினால் உங்கள் லாபம் முழுதும் கரைந்துவிடும் என்பதற்கான விடை அது. 9.60இலிருந்து 16.7 விழுக்காடு இறங்கினால் 8.00, உங்கள் வாங்கிய விலை. விற்கலாமா வைத்திருக்கலாமா என்று யோசிக்கும்போது இந்த எண் மிகவும் உதவும். “எவ்வளவு லாபம்” என்ற இடத்தில் மட்டும் அதை எழுதக்கூடாது. எழுதினால் லாபம் குறைவாகவும் நட்டம் பெரிதாகவும் தெரியும், எப்போதுமே அந்தத் திசையில்தான் தவறும். கையுறையைப் பார்த்து மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று எத்தனை நாள் வருந்தினீர்களோ தெரியவில்லை. போனது ஐந்தில் இரண்டு பங்கு. அதுவும் பெரிய நட்டம்தான், ஆனால் அளவு வேறு.

ரீட்டில் இந்தத் தவறு வெளியே தெரியாது. 100ஐ 2,900ஆல் வகுத்தால் 3.4, சரியான அடக்கமான 3,000ஆல் வகுத்தால் 3.3. ஏற்ற இறக்கம் சிறிதாக இருக்கும்வரை இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே விடை தருவதால், தப்பான வழி சரியென்றே பழகிப்போகிறது. பெரிய எண் வரும்போதுதான் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

மாதாமாதம் பார்க்கிறவர் என்றால் கூகுள் ஷீட்டிலோ எக்செலிலோ போட்டு வைத்துக்கொள்ளுங்கள். B பத்தியில் இன்றைய மதிப்பு, C பத்தியில் லாப நட்டம். D பத்தியில் இது:

```
=C2/(B2-C2)*100
```

இதில் ஒரே ஒரு கண்ணி உண்டு. நட்டத்தைக் கழித்தல் குறியோடு எழுத வேண்டும். பல செயலிகள் நட்டத்தைச் சிவப்பு நிறத்தில் மட்டும் காட்டும், அல்லது அடைப்புக்குறிக்குள் போடும். கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தால் நிறமும் போய்விடும். கையுறைக்கு வெறும் 2,400 என்று எழுதிப் பாருங்கள், 200 விழுக்காடு லாபம் என்று வரும். பழைய பங்கு ஒன்று திடீரென்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு லாபம் காட்டினால் முதலில் குறியைப் பாருங்கள். சில செயலிகளில் ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை என்று நிறத்தையே மாற்றி வைக்கும் வசதியும் இருக்கிறது. அதனால் நிறத்தை நம்பி எழுதாதீர்கள்.

இன்னொன்று, எந்தப் பத்தியிலிருந்து எண்ணை எடுக்கிறீர்கள் என்பது. உங்களுக்கு வேண்டியது `Unrealised P/L`, அதாவது இன்னும் விற்காத பங்கின் மொத்த லாப நட்டம். அதன் பக்கத்திலேயே `Today's P/L` என்றோ `Day's Change` என்றோ ஒன்று இருக்கும். அது நேற்றைய முடிவு விலையோடு ஒப்பிட்டது, நீங்கள் வாங்கிய விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிறிய திரையில் இரண்டும் ஒரே இடத்தில் மாறி மாறித் தெரியும் செயலிகளும் உண்டு. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது பத்தியின் தலைப்பும் படத்தில் வருமாறு எடுத்தால் பிறகு குழப்பம் வராது.

நீங்கள் சரியான எண்ணைத்தான் எடுத்தீர்களா என்று சோதிக்கவும் வழி இருக்கிறது. கண்டுபிடித்த அடக்கத்தை யூனிட் எண்ணிக்கையால் வகுத்தால் நீங்கள் வாங்கிய சராசரி விலை வர வேண்டும். கையுறையில் 6,000ஐ 4,000ஆல் வகுத்தால் 1.50. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு கொள்முதலையும் கூட்டிப் பார்த்தேன். 3.60 விலையில் 1,000 யூனிட் 3,600 ரிங்கிட், 80 சென் விலையில் 3,000 யூனிட் 2,400 ரிங்கிட். மொத்தம் 6,000. செயலி சொல்வதும் உங்கள் நினைவும் ஒத்துப்போகின்றன, ஆகவே அந்த வரிசையை நம்பலாம். இந்தச் சோதனையில் 3.60ஐயும் 0.80ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 2.20 என்று எடுத்துவிடாதீர்கள். எத்தனை யூனிட் எந்த விலையில் என்பதுதான் சராசரியைத் தீர்மானிக்கிறது. 2.20 என்று வைத்தால் நட்டம் 59 விழுக்காடாகப் போய் நிற்கும்.

கையுறையில் கொஞ்சம் நின்று பார்க்கலாம், அந்த 40 விழுக்காட்டுக்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன. 2020இல் கோவிட் நேரத்தில் நம் நாட்டுக் கையுறைக் கம்பெனிப் பங்குகள் வானத்துக்குப் போனதும் பிறகு விழுந்ததும் உங்களுக்கே தெரியும். அப்போது 3.60க்கு வாங்கிய 1,000 யூனிட் இன்று 75 விழுக்காடு நட்டத்தில் இருக்கிறது, 2,700 ரிங்கிட் போய்விட்டது. பிறகு 80 சென்னுக்கு வாங்கிய 3,000 யூனிட் 12.5 விழுக்காடு லாபத்தில், 300 ரிங்கிட் கூடியிருக்கிறது. இரண்டையும் கலந்துதான் செயலி 2,400 நட்டம் என்று ஒரே வரியில் சொல்கிறது. விலை விழுந்த பிறகு வாங்கிச் சேர்த்தவர்கள் எல்லாரும் இந்த இரண்டு வரியையும் ஒரு தடவை தனித்தனியே எழுதிப் பார்க்க வேண்டும். விழுக்காடு 75இலிருந்து 40ஆகக் குறைந்ததற்குப் பெரும்பகுதிக் காரணம் பங்கு ஏறியது அல்ல, நீங்கள் இன்னும் 2,400 ரிங்கிட் கொண்டுபோய்ப் போட்டதுதான். விலை 80 சென்னிலேயே நின்றிருந்தாலும் செயலி சுமார் 47 என்று காட்டியிருக்கும்.

கட்டணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வங்கிப் பங்கின் அடக்கம் சரியாக 8,000 என்று வருவதைப் பார்த்தால், செயலி வெறும் விலையை மட்டும் எடுத்திருக்கிறது, கட்டணத்தைச் சேர்க்கவில்லை என்று தோன்றுகிறது. காண்ட்ராக்ட் நோட்டை எடுத்துப் பாருங்கள். தரகுக் கட்டணம் 8 ரிங்கிட் என்று வைத்தால், ஆயிரத்துக்கு 1 ரிங்கிட் முத்திரை வரி 8 ரிங்கிட், 0.03 விழுக்காடு கிளியரிங் கட்டணம் 2.40, ஆகக்கூடி உண்மையில் கட்டியது 8,018.40. அதன்படி லாபம் 19.7 விழுக்காடு. இந்த அளவுக்கு வாங்கும்போது பெரிய வித்தியாசமில்லை. ஐந்நூறு ரிங்கிட்டுக்கு வாங்குகிறவருக்குக் குறைந்தபட்சத் தரகே 8 ரிங்கிட் என்றால், வாங்கிய நிமிடமே ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் நட்டத்தில்தான் தொடங்குகிறார். செயலி அதைக் காட்டாது.

டிவிடன் விஷயத்திலும் செயலிக்குக் கண் கிடையாது. உங்கள் பங்குகள் உங்கள் பெயரிலேயே, பங்குகளைப் பதிந்து வைக்கும் சிடிஎஸ் கணக்கில் இருந்தால், டிவிடன் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். செயலி பார்ப்பது விலையை மட்டும். பங்குகள் தரகு நிறுவனத்தின் பெயரில் இருக்கும் நாமினி கணக்கு என்றால் பணம் தரகு நிறுவனக் கணக்கின் ரொக்க இருப்பில் வந்து சேரும், அப்போதும் அந்தப் பங்கின் வரிசையில் ஏறாது. ரீட் வாங்குவதே அந்தப் பங்கீட்டுக்காகத்தான். விலையில் 100 போனாலும் கையில் 180 வந்திருக்கிறது, ஆக நிகரம் 80 ரிங்கிட் லாபம். 3,000க்கு 80 என்றால் 2.7 விழுக்காடு. திரையில் சிவப்பாகத் தெரிகிற அந்த வரிசை உண்மையில் உங்களுக்குப் பணம் தந்திருக்கிறது. உங்கள் ஷீட்டில் டிவிடனுக்கு ஒரு தனிப் பத்தி போட்டு, அதை லாப நட்டத்தோடு கூட்டிய பிறகு அடக்கத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அடக்கத்திலிருந்து டிவிடனைக் கழித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கீழே உள்ள எண் வருடாவருடம் சுருங்கி, விழுக்காடு தானாக ஊதிக்கொண்டே போகும்.

இனி டெக்னாலஜி பங்கு. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான், ஏனென்றால் பதற்றத்தில் விற்றுவிடுவீர்களோ என்று பயம். சூத்திரப்படி 3,000 போட்டு 1,000 போயிருக்கிறது, 33.3 விழுக்காடு நட்டம். ஒரே நாளில், அதுவும் இவ்வளவு சுத்தமாக மூன்றில் ஒரு பங்கு குறைவது சந்தை வேலையாகத் தெரியவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று போனஸ் பங்கு அறிவித்திருப்பார்கள் என்பது என் ஊகம். அப்படியானால் நடந்தது இதுதான்: கையில் 1,000 யூனிட் வைத்திருப்பவருக்கு இன்னும் 500 இலவசமாக வரும். கம்பெனியின் மதிப்பு மாறவில்லை, யூனிட் மட்டும் ஒன்றரை மடங்கு ஆகிறது. அதனால், புதிதாக வாங்குகிறவருக்குப் போனஸ் கிடைக்காத முதல் நாளான எக்ஸ் தேதியன்று காலையிலேயே குறிப்பு விலை 3.00இலிருந்து 2.00க்குச் சரிசெய்யப்படும். புதிய 500 யூனிட் உங்கள் கணக்கில் ஏறும்வரை, செயலி புது விலையையும் பழைய யூனிட் எண்ணிக்கையையும் பெருக்கிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில்தான் நீங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறீர்கள் போலும்.

இதை உறுதிசெய்ய இரண்டு வழி. அந்த நாளின் ஸ்கிரீன்ஷாட்டில் `Day's Change` பத்தியைப் பாருங்கள். அது சரிசெய்த குறிப்பு விலையோடு ஒப்பிடுவதால் பூச்சியத்தை ஒட்டி இருக்கும், ஆனால் மொத்த நட்டம் மட்டும் ஆயிரமாகக் குதித்திருக்கும். ஒரே நாளில் வந்த நட்டம் அந்த நாளின் மாற்றத்தில் தெரியவில்லை என்றால் அது விலைச் சரிவு அல்ல. அடுத்து, பர்சா மலேசியா இணையத்தளத்தில் அந்தக் கம்பெனியின் அறிவிப்புகளைத் திறந்து `Bonus Issue` அல்லது `Share Split` என்று இருக்கிறதா பாருங்கள். அந்த நாளின் மாற்றத்திலேயே நட்டம் தெரிந்து, அறிவிப்பும் இல்லை என்றால், வருத்தத்தோடு சொல்கிறேன், அது உண்மையான நட்டமாகவே இருக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் செந்தூலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். கைப்பேசித் திரையை எனக்குக் காட்டும்போது அவர் விரல் நடுங்கியது. ஒரே இரவில் பாதியாகிவிட்டது என்று நினைத்து முதல் நாளே எல்லாவற்றையும் விற்றிருந்தார். ஒன்றுக்கு ஒன்று போனஸ். எக்ஸ் தேதியில் விற்றதால் போனஸ் யூனிட்டுகள் அவர் கணக்குக்கே வந்து சேர்ந்தன, பணம் பெரிதாகப் போகவில்லை. ஆனால் வைத்திருக்க நினைத்த பங்கில் பாதியை, தெரியாமலேயே கைகழுவிவிட்டார். அன்றிலிருந்து என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: நட்டம் மிகச் சரியாகப் பாதி, மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று வந்தால் விற்கும் பொத்தானைத் தொடும் முன் அறிவிப்பைப் படியுங்கள். ஒன்றுக்கு ஒன்று போனஸ் என்றால் 50 விழுக்காடும், நான்குக்கு ஒன்று என்றால் 20 விழுக்காடும் குறைந்ததாகச் செயலி காட்டும்.

யூனிட்டுகள் வந்து சேர்ந்த பிறகும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 1,500 யூனிட், மதிப்பு 3,000, சராசரி விலை 2.00, லாப நட்டம் பூச்சியம் என்று வந்தால் செயலி சரியாகச் செய்திருக்கிறது. சில செயலிகள் சராசரி விலையைப் பழைய 3.00இலேயே விட்டுவிடும். அப்போது மதிப்பு 3,000, நட்டம் 1,500 என்று வரும். நம் வழியில் அடக்கத்தைக் கண்டுபிடித்தால் 4,500. நீங்கள் அந்தப் பங்குக்கு 4,500 கட்டியதே இல்லை, அங்கேயே தவறு பிடிபட்டுவிடும். உங்கள் ரெமிசியரிடமோ வாடிக்கையாளர் சேவையிலோ சொல்லிச் சராசரி விலையைத் திருத்தச் சொல்லுங்கள். நாமே திருத்திக்கொள்ள விடும் செயலிகளும் உண்டு.

கடைசியாக நான்கையும் சேர்த்து. இங்கே மகளும் தடுக்கி விழ வாய்ப்பிருக்கிறது. 20, மைனஸ் 40, மைனஸ் 3.3, மைனஸ் 33.3 என்ற நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 14.2 விழுக்காடு நட்டம் என்று வரும். அது தவறு. வங்கியில் 8,000 போட்டிருக்கிறீர்கள், ரீட்டில் 3,000தான். இரண்டின் விழுக்காட்டுக்கும் ஒரே எடை கொடுக்க முடியாது. விழுக்காடுகளை விட்டுவிட்டு ரிங்கிட்டைக் கூட்டுங்கள். மொத்த மதிப்பு 18,100, மொத்த நட்டம் 1,900, ஆகவே போட்டது 20,000. நட்டம் 9.5 விழுக்காடு. இதுதான் ஸ்கிரீன்ஷாட் சொல்லும் கணக்கு.

என் ஊகம் சரியாக இருந்து போனஸ் யூனிட்டுகள் வந்துவிட்டால் டெக்னாலஜியின் 1,000 நட்டம் மறைந்துவிடும். மொத்த நட்டம் 900, அதாவது 4.5 விழுக்காடு. ரீட்டின் 180 டிவிடனையும் சேர்த்தால் 720, அதாவது 3.6 விழுக்காடு. மற்ற மூன்றுக்கும் டிவிடன் வந்திருந்தால் அது இன்னும் குறையும். வங்கிப் பங்கு டிவிடன் தராமல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையில் வாங்கிய நாளிலிருந்து தேடிப் பார்த்து, அந்தத் தொகையையும் மகளிடம் கொடுங்கள்.